புத்தக மதிப்புக்கு மேல் எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: ஐயா, தனியார் வங்கி ஒன்றின் பங்குகளை 150 ரூபாய் விலையில் வாங்கினேன். இப்போதும் விலை அங்கேயே நிற்கிறது. புத்தக மதிப்பு 100 ரூபாய். வரும் ஆண்டில் பங்கு ஒன்றுக்கு 16 ரூபாய் லாபம், 4 ரூபாய் டிவிடெண்ட் எதிர்பார்க்கிறேன். அரசுக் கடன் பத்திர வட்டி 7%, அதன்மேல் ரிஸ்க்குக்காக 6% சேர்த்து மூலதனச் செலவு 13% என்று வைத்து, எஞ்சும் வருமான முறையில் கணக்குப் போட்டேன். மதிப்பு 400 ரூபாய் வந்தது. என் மருமகன் இதே எண்களை வைத்து 113 என்கிறார். எது சரி? என்னிடம் உள்ள மென்பொருள் நிறுவனப் பங்குக்கும் இதே கணக்கைப் போடலாமா? ஆண்டறிக்கையின் சில பக்கங்களை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: இரண்டு விடைகளிலும் கூட்டல் கழித்தல் பிழை இல்லை. நீங்கள் 12% வளர்ச்சி முடிவே இல்லாமல் தொடரும் என்று வைத்திருக்கிறீர்கள். மருமகன் ஆறாம் ஆண்டு காலையில் எல்லாம் நின்றுவிடும் என்று வைத்திருக்கிறார். இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் மருமகன் பக்கம்தான் நிற்பேன்.

முதலில் இரண்டு கணக்குகளுக்கும் அடிப்படையான, முதல் ஆண்டில் எஞ்சும் 3 ரூபாயைப் பார்ப்போம். வங்கி தன் லாப நட்டக் கணக்கில் வைப்புதாரருக்குக் கொடுக்கும் வட்டியைச் செலவாக எழுதுகிறது. பங்குதாரரின் பணத்துக்கு அப்படி எதுவும் எழுதுவதில்லை, அது இலவசமாகக் கிடைத்தது போலக் கணக்கு முடிகிறது. நாம் செய்வது அந்த விடுபட்ட செலவை எழுதுவதுதான். ஆண்டின் தொடக்கத்தில் பங்குதாரரின் பணம் 100 ரூபாய். அதே அளவு ரிஸ்க் உள்ள வேறோர் இடத்தில் அது 13 ரூபாய் ஈட்டியிருக்கும். வங்கி ஈட்டியது 16. ஆக, எஞ்சுவது 3 ரூபாய். பங்கின் மதிப்பு என்பது இன்றைய புத்தக மதிப்பும், இனி வரும் ஆண்டுகளில் இப்படி எஞ்சப் போகும் ரூபாய்களின் இன்றைய மதிப்பும் சேர்ந்தது.

இதிலிருந்து உடனே ஒன்று தெளிவாகும். வங்கி சரியாக 13% மட்டுமே ஈட்டினால் எஞ்சுவது பூஜ்யம், பங்கின் மதிப்பு 100 ரூபாய். அது ஆண்டுக்கு 5% வளர்ந்தாலும் 20% வளர்ந்தாலும் அதே 100 தான். 13 ரூபாய் செலவாகும் பணத்தைப் போட்டு 13 ரூபாய் ஈட்டும் தொழிலை எவ்வளவு பெரிதாக்கினாலும் பங்குதாரருக்குப் புதிதாக எதுவும் சேராது. லாபம் ஆண்டுதோறும் கூடுகிறது என்பதை மட்டும் பார்த்துப் பங்கு வாங்குபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

செலவை எப்போதும் ஆண்டுத் தொடக்கப் புத்தக மதிப்பின்மேல்தான் கணக்கிட வேண்டும். நீங்கள் அதைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். எனக்கு வரும் எக்செல் தாள்கள் பலவற்றில் ஆண்டு இறுதி மதிப்பை எடுத்திருப்பார்கள். உங்கள் வங்கிக்கு அது 112 ரூபாய், அதற்கு 13% என்றால் 14.56. எஞ்சுவது 3 ரூபாயிலிருந்து 1.44 ரூபாயாகச் சுருங்கிவிடும். அந்த ஆண்டு முழுவதும் சேர்ந்த லாபத்துக்கு, அது சேரும் முன்பே செலவு எழுதியதன் விளைவு அது.

16% ஈட்டும் திறன் ஐந்தாண்டு நீடிக்கும், லாபத்தில் கால் பங்கு டிவிடெண்டாகப் போகும், மீதி வங்கியிலேயே தங்கும் என்று வைத்தால் கணக்கு இப்படி நகரும்:

| ஆண்டு | தொடக்கப் புத்தக மதிப்பு | லாபம் | மூலதனச் செலவு | எஞ்சுவது | இன்றைய மதிப்பு |
|---|---|---|---|---|---|
| 1 | 100.00 | 16.00 | 13.00 | 3.00 | 2.65 |
| 2 | 112.00 | 17.92 | 14.56 | 3.36 | 2.63 |
| 3 | 125.44 | 20.07 | 16.31 | 3.76 | 2.61 |
| 4 | 140.49 | 22.48 | 18.26 | 4.21 | 2.59 |
| 5 | 157.35 | 25.18 | 20.46 | 4.72 | 2.56 |

கடைசிப் பத்தியின் கூட்டல் 13.04. அத்துடன் 100 சேர்த்தால் மருமகனின் 113. இதை டிவிடெண்ட் வழியாகவும் சரிபார்க்கலாம். ஐந்தாண்டு டிவிடெண்டுகளின் இன்றைய மதிப்பு 17.39 ரூபாய். ஐந்தாம் ஆண்டு முடிவில் புத்தக மதிப்பு 176.23, அதன் இன்றைய மதிப்பு 95.65. இரண்டும் சேர்ந்தால் அதே 113.04. தாளில் இவ்விரு விடைகளும் பைசா பிசகாமல் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தவறு இருக்கிறது. பெரும்பாலும், புத்தக மதிப்பை உருட்டும்போது டிவிடெண்டைக் கழிக்க மறந்திருப்பார்கள்.

இப்போது உங்கள் 400. எஞ்சும் வருமானம் ஆண்டுக்கு 12% வளர்வதைப் பார்த்திருக்கிறீர்கள். 16% ஈட்டி அதில் முக்கால் பங்கை மறுபடி உள்ளே போட்டால் 12% வளரத்தான் செய்யும். பிறகு 3 ரூபாயை, 13 இலிருந்து 12 ஐக் கழித்து வந்த 1 சதவீதத்தால் வகுத்து 300 என்று எடுத்திருக்கிறீர்கள். சூத்திரம் சரி. ஆனால் அந்த 300 எப்போது வருகிறது என்று பாருங்கள். முதல் ஐந்தாண்டில் வருவது 13 ரூபாய். பாதித் தொகையான 150 சேரவே 78 ஆண்டுகள் ஆகும். மீதிப் பாதி அதற்கும் பிறகு. இன்று உள்ள எந்த வங்கியைப் பற்றியும், எண்பதாவது ஆண்டில் அது தன் மூலதனச் செலவைவிட 3% கூடுதலாக ஈட்டிக்கொண்டிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைவிட வேகமாக முடிவின்றி வளரும் வங்கி, ஒரு நாள் பொருளாதாரத்தைவிடப் பெரிதாகிவிடும் என்பது வேறு.

இந்த 400 எவ்வளவு நொய்மையானது என்பதை மூலதனச் செலவைக் கொஞ்சம் அசைத்தாலே கண்டுகொள்ளலாம். 14% என்று வைத்தால் மதிப்பு 200. 12.5% என்று வைத்தால் 800. 12% என்று வைத்தால் வகுக்கும் எண் பூஜ்யமாகி விடை இல்லாமலே போகிறது. அரை சதவீத மாற்றத்தில் இரட்டிப்பாகும் எண்ணை விலை பேசப் பயன்படுத்தக் கூடாது.

ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு எப்படி வைப்பது? கூடுதல் ஈட்டல் சட்டென்று நிற்பதில்லை, தேய்கிறது. நல்ல லாபம் தரும் கடன் வகை எதுவோ, அதை மற்ற வங்கிகளும் கொடுக்கத் தொடங்கும். தங்க நகைக் கடனாகட்டும், சிறு தொழில் கடனாகட்டும், வட்டியைக் குறைத்து வாடிக்கையாளரை இழுப்பார்கள். மறுபுறம் வைப்புகளைத் தக்கவைக்க வட்டியைக் கூட்ட வேண்டியிருக்கும். இடைவெளி குறுகும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் எஞ்சுவது, முந்தைய ஆண்டில் எஞ்சியதில் ஒரு பங்குதான் என்று வைக்கிறோம். ஜேம்ஸ் ஓல்சன் 1995 இல் இந்த முறைக்குக் கொடுத்த வடிவத்தில் இந்தத் தேய்மானம் ஒரு தனி எண்ணாகவே வருகிறது. அமெரிக்க நிறுவனங்களின் கணக்குகளை வைத்து டெக்கோ, ஹட்டன், ஸ்லோன் மூவரும் 1999 இல் அளந்தபோது அது 0.62 என்று வந்தது. அதாவது இந்த ஆண்டு 100 ரூபாய் எஞ்சினால் அடுத்த ஆண்டு சராசரியாக 62 ரூபாய்.

அந்த எண்ணை இந்திய வங்கிக்கு அப்படியே ஒட்ட முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் 0.6 இலிருந்து தொடங்கலாம். ஐந்தாம் ஆண்டின் 4.72 ரூபாயை 0.6 ஆல் பெருக்கி, 1.13 இலிருந்து 0.6 ஐக் கழித்த 0.53 ஆல் வகுத்தால் 5.34. அது ஐந்தாம் ஆண்டு முடிவில் உள்ள மதிப்பு, இன்றைக்கு 2.90. ஆக, பங்கின் மதிப்பு சுமார் 116 ரூபாய். உங்கள் வங்கிக்கு மலிவான சேமிப்புக் கணக்குப் பணம் நிறைய இருக்கிறது, அதன் சாதகம் மெதுவாகத்தான் கரையும் என்று நீங்கள் வாதிட்டால் 0.9 என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 123 தான் வருகிறது.

இந்த இடத்தில் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் 150 ரூபாய் விலை என்ன சொல்கிறது என்று தெரியும். புத்தக மதிப்புக்கு மேல் நீங்கள் கொடுத்தது 50 ரூபாய். அதில் 13 ரூபாய்க்கு முதல் ஐந்தாண்டு பதில் சொல்லிவிடும். மீதி 37 ரூபாய் அதன் பிறகுதான் வர வேண்டும். ஐந்தாம் ஆண்டின் 4.72 ரூபாய் சற்றும் குறையாமல், கூடாமல், என்றென்றும் தொடர்ந்தால் மதிப்பு 133. ஆண்டுக்கு 5% வளர்ந்துகொண்டே போனால் 147. 150 ஐத் தொட வேண்டுமானால் கிட்டத்தட்ட 5.7% வளர்ச்சி, அதுவும் முடிவில்லாமல். தேய்மானம் என்பதே இல்லை என்று சந்தை சொல்கிறது. பங்கை வைத்திருப்பதா விற்பதா என்று பெயர் குறிப்பிட்டுச் சொல்வது இந்தப் பத்தியின் வேலை அல்ல, அதற்கு செபியில் பதிவு செய்த ஆலோசகரிடம் போக வேண்டும். ஆனால் 150 ரூபாய்க்கு அந்தப் பங்கை வைத்திருப்பவர் எதை நம்புகிறார் என்பது இதுதான். விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம் ஒன்பது சொச்சம் என்பதால் மலிவு என்று தோன்றியிருக்கும். 13% செலவாகும் பணத்தில் 16% மட்டுமே ஈட்டும் தொழிலுக்கு அந்த ஒன்பது மலிவல்ல.

நீங்கள் எடுத்த 13% பற்றி. பத்தாண்டு அரசுக் கடன் பத்திரத்தின் வருவாயில் தொடங்கியது சரியான வழி. சிலர் தங்கள் வைப்புக் கணக்கின் 7% வட்டியையே மூலதனச் செலவாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் 9% ஈட்டும் மோசமான வங்கியில்கூட 2% எஞ்சுவதாகத் தோன்றும். இன்னொரு பொறி பீட்டா, அதாவது சந்தை அசையும்போது பங்கு எவ்வளவு அசைகிறது என்ற அளவு. சிறிய வங்கிப் பங்குகளில் வர்த்தகம் குறைவு. சந்தை இன்று விழுந்தால் இவை இரண்டு நாள் கழித்து விழும். அன்றாட விலைகளை வைத்துக் கணக்கிடும் பீட்டா அதனால் 0.6, 0.7 என்று வந்து, ரிஸ்க் குறைவு என்ற பொய்யான ஆறுதலைத் தரும். நீங்கள் பீட்டாவை 1 என்று வைத்தது போலத்தான் ஆயிற்று. ஒரு சிறிய வங்கிக்கு அதற்குக் கீழே நான் போகமாட்டேன்.

மூலதனச் செலவு ஒரு சதவீதம் முன்பின் ஆனால் என்ன ஆகும்? தேய்மானம் 0.6 என்ற கணக்கில் 12% க்கு 122, 13% க்கு 116, 14% க்கு 110. உங்கள் முறையில் 14% க்கு 200 ஆக இருந்தது 13% க்கு 400 ஆகத் தாவியதை நினைத்துப் பாருங்கள். விடையின் பெரும்பகுதி ஏற்கெனவே கணக்குப் புத்தகத்தில் இருக்கும் 100 ரூபாயில் நிற்பதால்தான் இந்த நிதானம் வருகிறது. எஞ்சும் வருமான முறையை வங்கிகளுக்கு நான் விரும்பிப் பயன்படுத்தக் காரணம் அதுவே.

ஆனால் அப்படியானால் அந்த 100 ரூபாய் உண்மையாக இருக்க வேண்டும். நான் அதிக நேரம் செலவிட்டது நீங்கள் அனுப்பிய பக்கங்களில்தான்.

எப்போதும் செய்யும் ஒரு சோதனை உண்டு. சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் புத்தக மதிப்பு 86. லாபம் 14. டிவிடெண்ட் 3.50. அப்படியானால் ஆண்டு முடிவில் 96.50 இருக்க வேண்டும். அறிக்கையில் இருப்பது 100. பங்குகளின் எண்ணிக்கை மாறவில்லை. அந்த 3.50 ரூபாய் லாப நட்டக் கணக்கின் வழியாக வராமல் நேராகக் காப்புநிதியில் ஏறியிருக்கிறது. பங்குகளின் எண்ணிக்கை கூடியிருந்தால் வேறு காரணம் தேடியிருப்பேன், ஏனெனில் புத்தக மதிப்பைவிட அதிக விலைக்குப் புதிய பங்கு விற்றாலே பழைய பங்குதாரரின் புத்தக மதிப்பு ஒரு ரூபாய் லாபம் இல்லாமல் உயர்ந்துவிடும். உங்கள் வங்கியில் விடை இருப்புநிலைக் குறிப்பின் இரண்டாம் அட்டவணையில் கிடைத்தது. கட்டடங்களையும் நிலத்தையும் மறுமதிப்பீடு செய்ததில் பங்குக்கு 2.20 ரூபாய். கடன் பத்திரங்களின் சந்தை மதிப்பு உயர்ந்ததில் 1.30 ரூபாய்.

அந்த 1.30 சிறிய தொகைதான், ஆனாலும் அதன் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் கொண்டுவந்து 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, விற்பனைக்கு வைத்திருக்கும் வகைக் கடன் பத்திரங்களின் விலை ஏற்ற இறக்கம் லாப நட்டக் கணக்கைத் தொடாமல் ஏ.எஃப்.எஸ். காப்புநிதி என்ற தலைப்பில் நேராகச் சேர்கிறது. சந்தை வட்டி இறங்கும்போது பழைய, அதிக வட்டி தரும் பத்திரத்தின் விலை ஏறும். அந்த ஏற்றம் என்பது இனி வரப்போகும் கூடுதல் வட்டியின் இன்றைய மதிப்பே. அதைப் புத்தக மதிப்பிலும் வைத்துக்கொண்டு, அதே பத்திரங்களின் கூடுதல் வட்டியை வரும் ஆண்டுகளின் லாபத்திலும் சேர்த்தால் ஒரே ரூபாயை இரண்டு முறை எண்ணியதாகும். பத்திரம் முதிர்வை நெருங்க நெருங்க அந்த 1.30 தானாகக் கரைந்து பூஜ்யமாகும், அதுவும் லாப நட்டக் கணக்கைத் தொடாமலே. அதனால் தொடக்கத்திலேயே கழித்துவிடுகிறேன். வட்டி ஏறும் காலத்தில் இந்தக் காப்புநிதி எதிர்மறையாகவும் இருக்கும். அப்போது அதே காரணத்துக்காகத் திருப்பிக் கூட்ட வேண்டும்.

கட்டட மறுமதிப்பீட்டில் நான் இவ்வளவு கண்டிப்பு காட்டமாட்டேன். நிலத்தின் மதிப்பு உண்மையாகவே உயர்ந்திருக்கலாம். ஆனாலும் மதிப்பீட்டாளரின் எண்ணை முழுதாக ஏற்க மனமில்லை. ரிசர்வ் வங்கி 2016 இலிருந்து இந்தத் தொகையை 55% தள்ளுபடி செய்தே வங்கியின் முதன்மை மூலதனத்தில் சேர்க்க அனுமதிக்கிறது. நானும் அதையே பின்பற்றி 2.20 இல் 1.21 ஐ வெட்டுகிறேன்.

பெரிய விஷயம் வாராக்கடன். நிகர வாராக்கடன் விகிதம் 1.2% என்று வங்கி போட்டிருக்கிறது. படிப்பவருக்கு அது சிறிதாகத் தெரியும். ஆனால் வங்கி பங்குதாரரின் 100 ரூபாயை வைத்துக்கொண்டு கொடுத்திருக்கும் கடன் சுமார் 750 ரூபாய். அதில் 1.2% என்பது 9 ரூபாய், அதாவது உங்கள் மூலதனத்தில் 9 சதவீதம். ஒதுக்கீடு செய்த பிறகும் மிச்சமிருப்பது இது. இதில் பாதி திரும்பி வரும் என்று தாராளமாகவே வைத்தாலும் 4.50 ரூபாய் போய்விடும். வரிச் சலுகை போக 3.40. பிணையாக இருப்பது நகரத்து வீடா, தொழிற்சாலை இயந்திரமா, ஒன்றுமே இல்லாத தனிநபர் கடனா என்பதைப் பொறுத்து இந்தப் பாதி என்பது மாறும். உங்கள் பக்கங்களில் அந்த விவரம் இல்லை.

மூன்றையும் கழித்தால் 100 ரூபாய் 94 ஆகிறது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, பழகியவர்களும் தடுமாறும் இடம். புத்தக மதிப்பை 94 ஆக்கிவிட்டு லாபத்தை மட்டும் பழைய 16 ரூபாயிலேயே விட்டால், செலவு 13 இலிருந்து 12.22 ஆகக் குறைந்து எஞ்சுவது 3.78 ஆகக் கூடிவிடும். ஒரு கையால் வெட்டியதில் பாதிக்கு மேல் மறு கையால் திரும்ப வந்துவிடும். தேய்மானத்தோடு சேர்த்துப் போட்டால் மதிப்பு 116 இலிருந்து 113 க்குத்தான் இறங்குகிறது. வெட்டியது 6, குறைந்தது 3 ரூபாய்கூட இல்லை. வாராக்கடன் ஏற்கெனவே வட்டி தரவில்லை, ஆகவே அதைக் கழிப்பதால் முதல் ஆண்டு லாபம் குறையாது என்று இதற்கு நியாயம் சொல்லலாம். நான் வங்கிகளுக்கு அந்த வழியில் போவதில்லை. வங்கி எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதை அதன் மூலதனம் தீர்மானிக்கிறது. மூலதனத்தில் 6% கரைந்தால் கடன் கொடுக்கும் அளவும் அதே விகிதத்தில் சுருங்க வேண்டும், லாபமும் சுருங்கும். எனவே 94 ரூபாயின்மேல் அதே 16% என்று வைக்கிறேன். அப்போது எல்லா எண்களும் 0.94 ஆல் பெருக்கப்பட்டு மதிப்பு 109 ரூபாய் ஆகிறது. கணக்குப் போடுபவர் எதைப் பிடித்தாலும் பிடிக்கட்டும், எதைப் பிடித்தார் என்று தாளிலேயே எழுதி வைக்க வேண்டும்.

வங்கி தானாக அறிவிக்கும் வாராக்கடனை நம்பலாமா என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள். 2015-16 ஆம் நிதியாண்டுக்கு யெஸ் வங்கி காட்டிய மொத்த வாராக்கடன் சுமார் 749 கோடி ரூபாய். ரிசர்வ் வங்கி ஆய்வு செய்து சொன்னது சுமார் 4,926 கோடி. இப்படிப்பட்ட வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதை ஆண்டறிக்கையிலேயே வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் 2017 இல் வந்தது. கணக்குகளுக்கான குறிப்புகளில் ‘டைவர்ஜென்ஸ்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். அது இருந்தால் என் கணக்கில் உள்ள ‘பாதி திரும்பி வரும்’ என்பதை அழித்துவிட்டு, எதுவும் வராது என்று வைத்து மறுபடி போடுங்கள். மறுசீரமைத்த கடன்கள், சொத்து மறுகட்டமைப்பு நிறுவனங்களிடம் விற்றுவிட்டுப் பதிலுக்கு வாங்கிய பத்திர ரசீதுகள் ஆகியவையும் வாராக்கடன் பட்டியலில் வராமல் ஒதுங்கி நிற்கும்.

கரூரில் 1926 இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் பங்குகளை நம் பக்கத்தில் பல குடும்பங்கள் தலைமுறையாக வைத்திருந்தன. 2020 நவம்பர் 27 அன்று அது டி.பி.எஸ். வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டபோது வைப்புதாரர் பணம் காப்பாற்றப்பட்டது, பங்கு மூலதனம் முழுவதும் எழுதித் தள்ளப்பட்டது. பங்குதாரருக்கு ஒரு பைசாகூட வரவில்லை. அப்படிப்பட்ட வங்கிக்கு, நான்கைந்து ஆண்டுக்கு முந்தைய புத்தக மதிப்பை வைத்து எஞ்சும் வருமானக் கணக்குப் போட்டிருந்தால், விலை புத்தக மதிப்புக்குக் கீழே விழ விழ ‘இன்னும் மலிவாகிறது’ என்றே அது சொல்லிக்கொண்டிருந்திருக்கும். எஞ்சும் வருமானம் எதிர்மறையாகவும் இருக்கலாம் என்பதையும், அது புத்தக மதிப்பையே தின்னும் என்பதையும் மறந்தால் இந்த முறை இப்படித்தான் ஏமாற்றும். வங்கிப் பங்கின் விலை புத்தக மதிப்புக்குக் கீழே நெடுநாள் நின்றால், ஒன்று வங்கி தன் மூலதனச் செலவை ஈட்டவில்லை, அல்லது புத்தகத்தில் உள்ள எண்ணைச் சந்தை நம்பவில்லை. எது என்று கண்டுபிடிக்காமல் வாங்கக் கூடாது.

உங்கள் வங்கி அந்த நிலையில் இல்லை. 109 க்கும் 123 க்கும் இடையில் எங்கோ மதிப்பு இருக்கிறது என்பது என் கணிப்பு. அடுத்த இரண்டு மூன்று காலாண்டு முடிவுகளில் நான் பார்ப்பது லாப வளர்ச்சி அல்ல. ஆண்டுத் தொடக்கப் புத்தக மதிப்பின்மேல் ஈட்டுவது 16% இலேயே நிற்கிறதா, 15, 14 என்று நழுவுகிறதா என்பதைத்தான் பார்ப்பேன். 14% க்கு வந்துவிட்டால் எஞ்சும் 3 ரூபாயில் இரண்டு போய்விடும். லாபத் தொகை அப்போதும் ஆண்டுதோறும் கூடிக்கொண்டேதான் இருக்கும், அறிவிப்பின் தலைப்பிலும் அதுதான் பெரிதாக இருக்கும்.

மென்பொருள் பங்குக்குப் போடலாமா என்றால், போடலாம், ஆனால் பயன் குறைவு. டி.சி.எஸ். போன்ற நிறுவனங்கள் தங்கள் புத்தக மதிப்பின்மேல் ஏறத்தாழ 50% ஈட்டுகின்றன. அவற்றின் சொத்து மனிதர்களும் வாடிக்கையாளர் உறவும், இரண்டும் இருப்புநிலைக் குறிப்பில் ஏறுவதில்லை. புத்தக மதிப்பு சந்தை விலையில் சிறு துண்டாகத்தான் இருக்கும். மதிப்பு முழுவதும் ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு வரும் எஞ்சும் வருமானத்தில் போய்த் தொங்கும். மறுபடி உங்கள் 400 ரூபாய்ச் சிக்கல்தான். போதாததற்கு அவை புத்தக மதிப்பைப்போல் பல மடங்கு விலை கொடுத்துத் தங்கள் பங்குகளையே திரும்ப வாங்குகின்றன. ஒவ்வொரு முறையும் பங்கு ஒன்றுக்கான புத்தக மதிப்பு நட்டம் எதுவும் இல்லாமல் சரியும். அங்கே நிறுவனத்தின் கைக்கு வரும் ரொக்கத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.